கோபுரத்தின் அடியைத் தொடாத கணக்கு

கணக்கு இது:

"சமதரையில் ஒரு கோபுரம் செங்குத்தாக நிற்கிறது. தரையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் அதன் உச்சியின் ஏற்றக்கோணம் 30°. அங்கிருந்து கோபுரத்தை நோக்கி நேராக 40 மீட்டர் நடந்து சென்று பார்த்தால் ஏற்றக்கோணம் 60°. கோபுரத்தின் உயரம் என்ன? (√3 = 1.732)"

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படித்த எவரும் இந்த வகைக் கணக்கைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எண்கள் மாறும், கோபுரம் கலங்கரை விளக்கமாகும், நடப்பவர் படகில் வருவார். உள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான். அதைச் சொற்றொடர் சொற்றொடராகப் பிரித்துப் பார்ப்போம். படத்தில் உச்சியை A என்றும், அடியை B என்றும், முதலில் நின்ற இடத்தை C என்றும், நடந்து போய் நின்ற இடத்தை D என்றும் குறித்துக்கொள்ளலாம். C, D, B மூன்றும் ஒரே கிடைக்கோட்டில் இருக்கின்றன. B-யிலிருந்து நேர்மேலே A.

"சமதரையில் ஒரு கோபுரம் செங்குத்தாக நிற்கிறது"

இந்த வரியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். 'சமதரை', 'செங்குத்தாக' என்ற இரண்டும் சேர்ந்துதான் B-யில் செங்கோணத்தைத் தருகின்றன. செங்கோணம் இல்லையென்றால் tan என்ற விகிதத்துக்கே இங்கே இடமில்லை. தரை கோபுரத்தை நோக்கி ஏறினாலோ, கோபுரம் சாய்ந்திருந்தாலோ வேறு வழி தேட வேண்டும்.

படத்தில் கோபுரம் ஒரு கோடு, அகலம் இல்லாதது. அதனால் அதன் 'அடி' எது என்ற கேள்வியே எழுவதில்லை. உண்மையான கோபுரத்தின் முன் நின்றால் எழும். உச்சிக் கலசத்திலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொடும் இடமே B. அந்த இடம் நமக்கு முன்னால் தெரியும் கல்சுவரில் இல்லை. கட்டடத்தின் நடுவயிற்றுக்குள் இருக்கிறது.

இதில் தவறினால் எவ்வளவு கெடும்? நம் கோபுரத்தின் அடித்தளம், நாம் பார்க்கும் திசையில், 20 மீட்டர் கனமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். C-யிலிருந்து B வரை உண்மைத் தொலைவு 60 மீட்டர் (இது எப்படி வந்தது என்பது பின்னால் வரும்). நாடாவைப் பிடித்து அளப்பவர் சுவரில் முட்டி நின்றுவிடுவார். அவருக்குக் கிடைப்பது 50. அதை வைத்து 30°-க்கு உயரம் கணக்கிட்டால் 28.87 மீட்டர் வரும். உண்மை உயரம் 34.64. கோணத்தைத் துல்லியமாக அளந்திருந்தும் கிட்டத்தட்ட 6 மீட்டர் காணாமல் போய்விட்டது.

கோபுரத்துக்காவது வாசல் உண்டு. நாடாவை உள்ளே இழுத்துச் சென்று, வாயிற்படிகளைச் சமாளித்து, நடுவை ஒருவாறு கண்டுபிடிக்கலாம். விமானத்துக்கு அந்த வழியும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் உச்சிக்கு நேர்கீழே இருப்பது கருவறை. அங்கே யார் நாடா பிடிப்பது? ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் தூணுக்கும், கடலுக்குள் இருக்கும் விளக்குக்கும், மலை உச்சிக்கும் இதே நிலைதான். B இருக்கிறது, ஆனால் போய்த் தொட முடியாது. இந்தக் கணக்கு ஒரு கோணத்தோடு நிற்காமல் இரண்டு கோணங்களைக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

"தரையிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால்"

'தரையிலுள்ள புள்ளி' என்று சொல்லிவிட்டதால் பார்ப்பவரின் உயரம் கணக்கில் சேராது. மண்ணில் கண்ணை ஒட்டிக்கொண்டு படுத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். நின்று பார்த்தால் கணக்கில் கிடைப்பது கண்ணின் மட்டத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரம். கண் தரையிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால் விடையோடு 1.5-ஐக் கூட்ட வேண்டும்: 34.64 என்பது 36.14 ஆகும். இரண்டு இடத்திலும் ஒரே உயரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. சில கணக்குகளில் '1.5 மீ உயரமுள்ள சிறுவன்' என்று வரும். அங்கே சிறுவனின் உயரத்தையே கண்ணின் உயரமாகக் கொள்ளச் சொல்கிறார்கள். நெற்றியை மறந்துவிட்ட சிறுவன், போகட்டும்.

"அதன் உச்சியின் ஏற்றக்கோணம் 30°"

ஏற்றக்கோணம் என்பது கிடைக்கோட்டிலிருந்து பார்வைக்கோடு எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது. உச்சியில் அமையும் கோணம் அல்ல. படத்தில் 30°-ஐ C-யில் குறிக்க வேண்டிய இடத்தில் A-யில் குறித்துவிட்டால், அதன் பிறகு செய்வதெல்லாம் சரியாக இருந்தும் விடை தவறும்.

பள்ளியில் இதை அளக்க எளிய கருவி ஒன்று செய்வார்கள். பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, மையத்திலிருந்து நூலில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டால் போதும். குழல் வழியே உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்பவர் நூல் எந்தப் பாகையில் நிற்கிறது என்று படிப்பார். குழல் கிடையாக இருக்கும்போது நூல் 90-இல் நிற்கும். குழல் 30° ஏறினால் நூல் 60-க்கு வரும். ஆக, ஏற்றக்கோணம் = 90 − படித்த எண். இந்தக் கழித்தலை மறப்பதுதான் களத்தில் அதிகம் நடக்கும் பிழை. நம் கணக்கின் கோணங்கள் 30, 60 என்பதால் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்: முதல் இடத்தில் 60 என்றும் இரண்டாம் இடத்தில் 30 என்றும் குறிப்பேட்டில் ஏறிவிடும். பார்த்தால் எண்கள் நம் கணக்கின் எண்களே. கண்டுபிடிக்க ஒரே வழி, கோபுரத்தை நெருங்க நெருங்கக் கோணம் கூட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது. குறைந்திருந்தால் கழிக்க மறந்திருக்கிறோம்.

இனி, ஏன் tan? செங்கோண முக்கோணத்தில் மூன்று பக்கங்கள் உண்டு. கோணத்துக்கு எதிர்ப்பக்கம் கோபுரத்தின் உயரம். அடுத்துள்ள பக்கம் தரைத் தொலைவு. கர்ணம் கண்ணிலிருந்து உச்சி வரை காற்றில் ஓடும் பார்வைக்கோடு. கர்ணத்தை அளக்க நாடாவை உச்சிக்கு எறிய வேண்டும். sin, cos இரண்டிலும் கர்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வராத விகிதம் tan: எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது. tan 30° = 1/√3, அதாவது ஏறத்தாழ 0.577. தரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் பார்வைக்கோடு 0.577 மீட்டர் ஏறுகிறது என்பது இதன் பொருள்.

இந்த ஒரு கோணத்தை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாது. 10 மீட்டர் உயர மரமும் 100 மீட்டர் உயரக் கட்டடமும் தகுந்த தொலைவில் நின்றால் 30°-ஐத் தரும். tan நமக்குச் சொல்வது உயரத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதத்தை மட்டும்தான். மீட்டர் என்ற அலகு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

"அங்கிருந்து கோபுரத்தை நோக்கி நேராக 40 மீட்டர் நடந்து சென்று"

இங்கிருந்துதான் வருகிறது. கணக்கு முழுவதிலும் நாடாவால் அளந்த ஒரே நீளம் இந்த 40. அளந்தவர் C-யிலிருந்து D வரை திறந்த தரையில் நடந்தார். கோபுரத்தின் பக்கமே போகவில்லை. B எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. சுவரின் கனமும் கருவறையின் கதவும் இந்த அளவைத் தொடவில்லை.

40-ஐ எங்கே குறிப்பது என்பதில்தான் விடைத்தாள்கள் சறுக்கும். அது CD. BD அல்ல, BC-யும் அல்ல. 40-ஐ அடுத்துள்ள பக்கமாக எடுத்து 40 × tan 60° என்று போட்டால் 69.28 வரும், 40 × tan 30° என்று போட்டால் 23.09. இரண்டும் பார்ப்பதற்கு நல்ல விடைகள் போலவே இருக்கும். ஆனால் CD எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் முழுப் பக்கம் அல்ல. இரண்டு செங்கோண முக்கோணங்களின் அடிப்பக்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்.

'நேராக' என்றதும் வெறும் அலங்காரம் இல்லை. C, D, B ஒரே கோட்டில் இருந்தால்தான் வித்தியாசம் 40 ஆகும். தெரு வளைகிறது, தேர் நிற்கிறது என்று பத்துப் பாகை விலகி 40 மீட்டர் நடந்தால் B-க்கு 20 மீட்டர் அருகே வந்திருக்க மாட்டோம், 21.75 மீட்டரில் நிற்போம். அங்கே அளந்த கோணத்தை நேராக நடந்ததாக நினைத்துக் கணக்கிட்டால் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடிவிடும். தவிர்ப்பது எளிது: முதல் இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு, நடந்து போனபின் திரும்பிப் பார்த்து, கம்பும் நாமும் கலசமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொள்வது. கோபுர உச்சியில் கலசங்கள் வரிசையாக நிற்கும் என்பதால், முதலில் பார்த்த கலசத்தையேதான் இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும்.

"பார்த்தால் ஏற்றக்கோணம் 60°"

கோணம் இரண்டு மடங்கானது என்பதால் தொலைவு பாதியாயிற்று என்று மனம் தானாக எண்ணும். அப்படியானால் 80-இல் தொடங்கி 40 நடந்து 40-இல் நிற்கிறோம் என்றாகும். tan அவ்வாறு ஏறுவதில்லை. tan 30° = 1/√3; tan 60° = √3. இரண்டாவது முதலாவதைப் போல் மூன்று மடங்கு. உயரம் மாறாததால் தொலைவு மூன்றில் ஒன்றாகிறது. மூன்று பங்கில் இரண்டு பங்கை நடந்துவிட்டோம். அந்த இரண்டு பங்கு 40. ஆகவே ஒரு பங்கு 20, மொத்தம் 60. சமன்பாடு எழுதுவதற்கு முன்பே தொலைவுகள் கிடைத்துவிட்டன.

"கோபுரத்தின் உயரம் என்ன?"

மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டிய முறை இது. உயரம் h, BD = x என்க.

```
tan 60° = h / x          →  h = √3 x
tan 30° = h / (x + 40)   →  h = (x + 40) / √3
√3 x = (x + 40) / √3     →  3x = x + 40  →  x = 20
h = 20√3 = 34.64 மீ
```

சரிபார்க்கப் பெரிய வேலை இல்லை. 45°-இல் உயரமும் தொலைவும் சமம். 60° அதைவிட அதிகம். எனவே உயரம் 20-ஐவிடக் கூட இருக்க வேண்டும். 30° அதைவிடக் குறைவு. எனவே 60-க்குள் இருக்க வேண்டும். 34.64 இடையில் இருக்கிறது. முன்னே வந்த 69.28 இந்தச் சோதனையில் தோற்றுவிடும். 40-ஐத் தவறான இடத்தில் குறித்தவர் தன் படத்தை ஒரு முறை பார்த்தாலே தெரிந்துகொண்டிருப்பார்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு வழி இருக்கிறது. என் ரசனைக்கு அதுவே அழகு. ACD என்ற சாய்ந்த முக்கோணத்தைப் பாருங்கள். D-யிலுள்ள 60° அதற்கு வெளிக்கோணம். வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதல். C-யில் 30° இருப்பதால் A-யில் மீதி 30°. இரண்டு கோணங்கள் சமம் என்றால் எதிர்ப்பக்கங்களும் சமம்: AD = CD = 40. நாடாவை உச்சிக்கு எறிய முடியாது என்று சற்று முன் சொன்னோம் அல்லவா? அந்தப் பார்வைக்கோட்டின் நீளம் நாம் நடந்த நடையில் கிடைத்துவிட்டது. பிறகு h = 40 × sin 60° = 34.64.

இது 30, 60-க்கு மட்டும் உரியதல்ல. முதல் கோணம் எதுவாக இருந்தாலும், அது இரட்டிக்கும் இடம் வரை நடந்தால், நடந்த தூரமே அங்கிருந்து உச்சிக்குள்ள தூரம். கரையோரம் போகும் மாலுமிகள் இதைப் படுக்கை வாக்கில் பயன்படுத்தினார்கள். கப்பல் செல்லும் திசைக்கும் கரையிலுள்ள விளக்குக்கும் இடைப்பட்ட கோணத்தைக் குறித்துக்கொண்டு, திசை மாறாமல் அது இரட்டிக்கும் வரை ஓட்டினால், ஓடிய தூரம் அந்த நேரத்தில் விளக்குக்குள்ள தூரம். அட்டவணையோ விகிதமோ வேண்டியதில்லை.

"(√3 = 1.732)"

அடைப்புக்குறிக்குள் இருக்கும் இந்த உதவி தேர்வு எழுதுபவருக்கானது. 20 × 1.732 = 34.64, இரண்டு தசம இடம், சென்டிமீட்டர் வரை. களத்தில் இந்தச் சென்டிமீட்டர்களுக்கு ஆதாரம் உண்டா?

நூலும் பாகைமானியும் கொண்ட கருவியில் ஒரு பாகை தவறுவது இயல்பு. D-யில் 60-க்குப் பதில் 59 என்று படித்தால் உயரம் 35.36 ஆகும், முக்கால் மீட்டர் பிழை. C-யில் 30-க்குப் பதில் 31 என்று படித்தால் 36.80, இரண்டு மீட்டருக்கு மேல். ஒரே ஒரு பாகைதான், ஆனால் தொலைவில் நின்று செய்த பிழை அருகில் நின்று செய்த பிழையைப் போல் மூன்று மடங்கு விலை கேட்கிறது. தாழ்ந்த கோணத்தில் பார்வைக்கோடு தரையோடு தரையாக ஓடுவதால், சிறு சாய்வு மாறினாலும் அது தரையைத் தொடும் இடம் வெகுதூரம் நகர்ந்துவிடும். மூன்று முறை படித்துச் சராசரி எடுக்க நேரம் இருந்தால் அந்த நேரத்தை C-யில் செலவிடுவதே சரி.

நடக்கும் தூரத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். அதே கோபுரத்தை 50°-இலும் 60°-இலும் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு இடத்துக்கும் நடுவே 9 மீட்டர் சொச்சம்தான் இருக்கும். இப்போது 50-ஐ 51 என்று படித்தால் உயரம் 39 மீட்டரைத் தாண்டும். நான்கு மீட்டருக்கும் அதிகமான பிழை. இரண்டு கோணங்களும் நெருங்கிவிட்டால் வித்தியாசத்தில் பிழையே பெரும்பங்கு ஆகிவிடுகிறது. இடம் சிறியது, தெரு குறுகியது என்று சில அடிகள் மட்டும் நகர்ந்து அளப்பவர்களுக்கு வரும் விசித்திர விடைகளுக்குக் காரணம் இதுதான்.

ஒப்பிட்டுப் பார்த்தால், B-யைத் தொட முடிகிற இடத்தில் ஒரே கோணம் போதும், பிழையும் குறைவு. 60 மீட்டரை நேராக அளந்து, 30-ஐ 31 என்று படித்தாலும் பிழை ஒன்றரை மீட்டருக்குள். 45° தெரியும் இடத்தில் நின்றால் இன்னும் குறையும். ஒரு பாகைக்கு ஒன்றேகால் மீட்டர் அளவு. அடியைத் தொடாமல் அளக்கும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இந்த வித்தியாசம்.

வேறு வழியில்லாதபோது கோணத்தைத்தான் நன்றாக அளக்க வேண்டும். 1802-இல் சென்னையில் பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், தெற்கே நில அளவை நடத்தியபோது மூன்றடி விட்ட வட்டம் பொருத்திய, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை எடுத்துச் சென்றார். அவர் அளந்தவை பெரும்பாலும் கிடைக்கோணங்கள். என்றாலும் கவலை இதேதான், பாகையின் மிகச் சிறு பின்னங்கள். காவிரிச் சமவெளியில் தூரத்தைப் பார்க்க மலை இல்லாததால் கோயில்களின் உச்சிகளை நிலையங்களாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி, வட்டம் வளைந்துவிட்டது. வளைந்த வட்டத்தை அவரே உட்கார்ந்து சீர்செய்து மீண்டும் பயன்படுத்தினார்.

நம்மிடம் இருப்பது உறிஞ்சுகுழல். இரண்டு கோணங்களும் ஒரு பாகைக்குள் சரி என்று கொண்டால், களக்குறிப்பேட்டில் எழுதத் தகுந்தது "35 மீட்டர், மூன்று மீட்டர் கூடக் குறைய" என்பதுதான். 34.64 என்று எழுதுவது விடைத்தாளில்.